எதிர்த்துப் பேசாத நர்ஸுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம்

அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘கறார்’. நகலெடுக்கும் கடையின் மாடியறையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாகச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து முத்திரை குத்துகிறார். இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொன்னால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சொந்த மச்சினனின் வயதில் ஒரு வருடம் குறைக்க மறுத்து, மனைவியிடம் ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அன்று ஒரு நர்ஸ், கடிதத்தின் படத்தை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு, கடிதத்தோடு பின்னாலேயே படியேறி வந்தாள். வெளிநாட்டு மருத்துவமனை வேலை. நாளை மாலைக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். படத்தில் பாதி மெத்தை விரிப்பு. முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் அவள் கட்டைவிரல்.

“விரலையும் மொழிபெயர்க்கணுமாம்மா?” என்றார் கறார்.

அசடு வழிந்தபடி மறுபடி படமெடுத்துக் கொடுத்தாள். எழுதியவர் அவளுடைய தலைமை டாக்டரம்மா: ‘பணிவான பெண். அதிர்ந்து பேசமாட்டாள். எட்டு வருடத்தில் ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. என் மகள் போன்றவள்.’

“பிரமாதமா எழுதியிருக்காங்க, இல்ல சார்?”

“பொண்ணு பாக்க வர்றவங்களுக்குப் பிரமாதம்தான். அந்த ஊர்ல இதைப் படிச்சா, வேலையைப் பத்திச் சொல்ல ஒண்ணுமில்ல, அதான் குணத்தைச் சொல்லி நழுவிட்டாங்கன்னு நினைப்பாங்க. என்ன சாதிச்சே, மத்தவங்களைவிட எப்படின்னுதான் தேடுவாங்க.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “நீங்களே நாலு வரி சேர்த்துடுங்களேன்!”

“சேர்த்தா அது நான் விட்ட கதை. அவங்களுக்குப் போன் போடு.”

போனை வாங்கிக் கறார் விஷயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா குதித்தார். “மகள் மாதிரின்னு எழுதியிருக்கேன், இதுக்கு மேல என்னய்யா? பெத்த மகளையே நான் இவ்வளவு புகழ்ந்ததில்ல!”

“வேலையில என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்கம்மா.”

“என்ன செய்யல? புதுசா வந்த முப்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தா. ஒரு குழந்தைக்கு நான் தப்பா எழுதின மருந்தளவைப் போடவே மாட்டேன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னா. குழந்தை பிழைச்சுது.”

“எதிர்த்தே பேசினதில்லன்னு எழுதியிருக்கீங்களே?”

“அதையெல்லாம் எழுதினா என் மானம் என்னய்யா ஆகும்?” என்று போனை வைத்துவிட்டார்.

நர்ஸ் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலை போச்சு என்றே நினைத்தாள். கறாரும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் போனுக்குப் புதிய கடிதத்தின் படம் வந்தது. முத்திரை பளிச்சென்றிருந்தது. ‘ஒருமுறை என்னை எதிர்த்தாள். தவறு என்னுடையது. அவளால் ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறது. என் முப்பது வருட அனுபவத்தில் இவளுக்கு இணையான நர்ஸைப் பார்த்ததில்லை.’

நர்ஸ் அதை இரண்டுமுறை படித்தாள். கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

“அந்த மருந்துச் சண்டைக்கப்புறம் டாக்டரம்மா ரெண்டு மாசம் என் முகத்தையே பாக்கல சார். வெறுத்துட்டாங்கன்னுதான் நான் வெளிநாட்டுக்கே விண்ணப்பம் போட்டேன்.”