டாக்டரம்மாவிடம் நான் கேட்டது

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். என் பெயரை மட்டும் நிறுத்தாமல் எழுதுவேன். ஆனாலும் தருமபுரியில் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டு ஆயாவாக இருந்தேன். சிபாரிசுக் கடிதம் யாரும் கொடுத்து அனுப்பவில்லை. நானே போய் நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லி, நானும் கேட்டு வாங்கிய வேலை அது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி ஓட்டிய காலம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். நான் ஐந்து வயது மகளோடு மாரண்டஹள்ளி பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனும் அண்ணியும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ஏரியூரில் இருந்த என் மாமனார் வீட்டார் ஆள் அனுப்பியிருந்தார்கள். "பிள்ளை எங்க வூட்டுப் பிள்ளை. ஆடி பொறந்ததும் வந்து கூட்டிக்கிட்டுப் போறோம். மாடு பாத்துக்கட்டும்" என்று. எனக்கென்று ஒரு பிழைப்பும் ஒரு கூரையும் இருந்தால்தான் மாட்டேன் என்று சொல்ல முடியும். அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு எந்த வாயால் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு அம்மை குத்த வந்தவர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை காலியாக இருப்பதைச் சொன்னார். சம்பளம் இவ்வளவு, சாப்பாடு உண்டு, தங்க ஒரு அறை உண்டு என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார்.

"அந்த டாக்டரம்மா ஒரு தினுசுங்க. எல்லாம் விசாரிச்சு முடிச்சிட்டு, 'இப்ப நீ என்னைக் கேளு'ம்பாங்க. இந்தப் பக்கமிருந்து நாலு பேரை அனுப்பினேன். நாலும் 'நீங்க பாத்துச் செய்யுங்கம்மா'ன்னு கும்பிட்டுட்டு வந்திருக்குது. ஒண்ணையும் எடுக்கல."

அந்த நாலு பேரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் வேலை கொடுக்கிறவர்களைத் திருப்பிக் கேள்வி கேட்கிற வழக்கமே இல்லை. கேட்டால் திமிர். 'நீங்க பாத்துச் செய்யுங்க' என்றால்தான் மரியாதை.

அன்றைக்கு ராகி புடைத்துக்கொண்டே அண்ணியும் நானும் கேள்வி பொறுக்கினோம்.

"சம்பளம் எவ்வளவுன்னு கேளு புள்ள" என்றார் அண்ணி.

"அதத்தான் அம்மை குத்த வந்தவரே சொல்லிட்டாரேங்க. தெரிஞ்சதையே கேட்டா, காது கேக்காதவன்னு நினைச்சுக்குவாங்க."

"அப்ப பொங்கலுக்கு லீவு உண்டான்னு கேளு."

"உள்ள நுழையறதுக்கு முன்னாடியே வெளிய போறதைக் கேக்கச் சொல்றீங்களா?"

அண்ணி முறத்தைத் தட்டினார். "நீயே சொல்லு, பெரிய வக்கீலு. நீ என்ன கேப்ப?"

அந்நேரம் பார்த்துக் கொட்டிலில் எருமை கறவைக்காரரை உதைத்தது. போன வருஷம் அண்ணன் சந்தையில் வாங்கி வந்தது அது. கொம்பைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். இதை ஏன் விற்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் அப்பா சந்தையில் அதைத்தான் முதலில் கேட்பார். கேட்டுவிட்டு மாட்டைப் பார்க்க மாட்டார், விற்கிறவன் முகத்தைப் பார்ப்பார்.

"இதுக்கு முன்னாடி இருந்தவ ஏன் போனான்னு கேப்பேன்" என்றேன்.

அண்ணி எருமை இருந்த பக்கம் பார்த்தார். "கேளு. கண்டிப்பா கேளு. உங்கண்ணன் கேட்டிருந்தா, அது உதைச்சு எனக்கு இடுப்பு வலி வந்திருக்காது."

இரண்டாவது கேள்வியும் கொஞ்ச நேரத்தில் அமைந்துவிட்டது. முதல் மாசத்தில் நான் எப்படி நடந்துகொண்டால் 'இவள் இருக்கட்டும்' என்று நினைப்பீர்கள்? மாமியார் வீட்டுக்குப் போனபோது இதைக் கேட்டுக்கொண்டு போயிருந்தால் எனக்குப் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவதில்தான் இழுபறி. அந்த அறையில் என் மகளையும் வைத்துக்கொள்ளலாமா?

"அதை மட்டும் வாயைத் திறக்காத" என்றார் அண்ணி. "பிள்ளைக்காரின்னா எவ வேலை குடுப்பா? மொதல்ல சேந்துக்க. ரெண்டு மாசம் போவட்டும், பைய சொல்லிக்கலாம்."

"ரெண்டு மாசத்துல ஆடி வந்துருங்க அண்ணி."

எழுதி வைத்துப் பார்த்துக்கொள்ள எனக்கு வராது. அதனால் முந்தானை ஓரத்தில் கேள்விக்கு ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மூன்றாவதைப் போடும்போது அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வழியில் இரண்டு தடவை நின்றது. கிளீனர் கரி அடுப்பைக் கிண்டி, காற்றடிக்கிற கைப்பிடியைச் சுற்றிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முகத்தில் கரி. குழாயடியில் கழுவிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், மூக்குக் கண்ணாடி, வெளியூர்ப் பேச்சு. உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"பிரசவம் பாத்திருக்கியா?"

"கூட இருந்திருக்கேங்க. வெந்நி வெச்சுக் குடுத்திருக்கேன். பிள்ளை எடுத்ததில்லீங்க."

"அழுக்குத் துணி துவைக்கணும். படுக்கையில வெக்கற பெட்பேன் எடுக்கணும். எந்த ஜாதிப் பொம்பளையா இருந்தாலும்."

"நோவுல கெடக்கிறவங்களுக்குத்தானுங்களே. செய்வேங்க."

இன்னும் நாலைந்து கேட்டார். மணி பார்க்கத் தெரியுமா என்றார். சுவரில் இருந்ததைப் பார்த்துச் சொன்னேன். உடனே வேலைக்கு வர முடியுமா என்றார். முடியும் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, அந்தப் பேச்சு வந்தது.

"சரி. நான் கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு. இப்ப நீ கேளு. இந்த வேலையைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

இதற்காகத்தானே வந்தேன்? மூன்று முடிச்சும் கையில்தானே இருந்தது? ஆனால் நாக்கு பழகின பக்கம் போய்விட்டது.

"நீங்க பாத்துச் செய்யுங்கம்மா" என்றேன். கும்பிடவும் செய்தேன்.

அவர் முகத்தில் கோபமில்லை. சலிப்புத்தான் தெரிந்தது. "சரி, போய்ட்டு வா. சொல்லி அனுப்பறேன்" என்று நோட்டை மூடினார்.

வாசற்படி வரைக்கும் வந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் இன்னொருத்தி காத்திருந்தாள். விரலில் முடிச்சு தட்டியது. ஐந்தாவது ஆளாக நானும் இப்படியே ஊர் திரும்புவதா? திரும்பி உள்ளே போனேன்.

"அம்மா, மன்னிக்கணுங்க. எனக்குக் கேக்க இருக்குது. பழக்கத்துல அப்படிச் சொல்லிப்புட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேளு."

"எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவங்க ஏனுங்க போனாங்க?"

முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டு, அப்பா செய்வது போல முகத்தையே பார்த்தேன். அவர் பார்வை ஜன்னல் பக்கம் போய் வந்தது.

"நல்லவதான். வேலை தெரிஞ்சவ. ஊர்ல சின்னப் பிள்ளையை விட்டுட்டு வந்திருந்தா. அதுக்கு ஜுரம், இதுக்கு இருமல்னு வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடிடுவா. இங்க வலி எடுத்துக் கத்தறவ கத்திக்கிட்டே இருப்பா. கடைசியில நான்தான் நின்னுக்கச் சொன்னேன்."

மூன்றாவது முடிச்சில் இருந்தது இனி எப்படி வெளியே வரும்? யோசிக்க நேரம் வேண்டி இரண்டாவதை அவிழ்த்துக் கேட்டேன்.

"முதல் மாசத்துல நான் எப்படி இருந்தா, இவ இருக்கட்டும்னு நீங்க நினைப்பீங்க?"

அவர் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வேலையை நான் கத்துக்குடுத்துடுவேன். அது பெரிசில்லை. நடக்காததை நடந்ததுன்னு சொல்லாம இருக்கணும். தண்ணி கொதிச்சுதான்னா, கொதிக்கலேன்னா கொதிக்கலேன்னு சொல்லணும். திட்டுவேன், திட்டினா வாங்கிக்க. ஆனா என் திட்டுக்குப் பயந்து கொதிச்சுதுன்னு சொன்னியானா, உள்ள படுத்திருக்கறவளுக்கு ஜன்னி கண்டுடும்."

அதைக் கேட்ட பிறகு, அண்ணி சொன்னபடி இரண்டு மாசம் மறைப்பது என்பது ஆகாது என்று தெரிந்துவிட்டது. மறைத்து உள்ளே வந்தால் முதல் நாளே கொதிக்காத தண்ணீரைக் கொதித்தது என்று சொன்னவளாகிவிடுவேன். ஆனால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தபடி, 'பிள்ளையை வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்கவும் வாய் வரவில்லை. அவர் இப்போதுதான் ஒரு பிள்ளைக்காரியால் பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறார். வேறு ஒன்று கேட்டேன்.

"அம்மா, அவங்க பிள்ளை இங்கேயே இருந்திருந்தா, அவங்க ஓடியிருப்பாங்களா?"

வார்டில் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு, பால் கிடைத்திருக்க வேண்டும், அடங்கியது.

"உனக்குப் பிள்ளை இருக்கா?"

"இருக்குதுங்க. பொண்ணு. அஞ்சு வயசு."

"இத்தனை நேரம் சொல்லலையே?"

"நீங்க கேக்கலீங்க. நானா சொல்லவும் பயமா இருந்துச்சு." பிறகு ஏரியூர்க்காரர்கள், ஆடி மாசம் எல்லாவற்றையும் நாலு வார்த்தையில் சொன்னேன். அழவில்லை. அழுது வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போனவகிட்ட நான் அதைக் கேட்டதே இல்லை" என்றார், எனக்கென்று சொல்லவில்லை. பிறகு நோட்டைத் திறந்தார்.

"பிள்ளை வார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஒரு தொத்து வந்தா எல்லாருக்கும் வரும். உன் அறை சமையல்கட்டுக்குப் பக்கத்துல. நீ வேலையா இருக்கறப்போ சமையல்கார அம்மா பாத்துப்பாங்களான்னு நீயே போய்க் கேட்டுட்டு வா. அவங்க சரின்னா ஒரு மாசம் பாக்கறேன். ஒரு மாசம்தான்."

சமையற்கட்டில் ஒரு கிழவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "கடிக்குமா?" என்றார். "கடிக்காதுங்க, பேசும்" என்றேன். "பேசட்டும், எனக்கும் யாரிருக்கா" என்றார்.

டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, பெஞ்சில் காத்திருந்தவளைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டியிருந்தது. அவளும் ஏதாவது ஆடி மாசத்துக்குப் பயந்து வந்தவளாக இருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் நின்றேன். "கடைசியில 'நீ கேளு'ம்பாங்க. கேளு" என்று சொல்லிவிட்டுப் போனேன். பிற்பாடு துவைக்கிற வேலைக்கு அவளைத்தான் எடுத்தார்கள். அவள் என்ன கேட்டாள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"மூணாவது அப்படியே இருக்குதே. நல்ல வேளை, கேக்கலையா?"

"அதைக் கேக்கலீங்க. வேற மாதிரி கேட்டேன்."

சொன்னேன். அண்ணி கேட்டுவிட்டு, "வக்கீலுதான்டி நீ" என்று சொல்லி என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ஐந்து வயதுப் பிள்ளை, அவருக்கு இடுப்பு வலி வேறு. இறக்கவில்லை.

அந்த ஒரு மாசத்தில் நான் நிறையத் திட்டு வாங்கினேன். கொதிக்கலேன்னா கொதிக்கலேன்னுதான் சொன்னேன்.

ஆடி பிறந்ததும் ஏரியூரிலிருந்து ஆள் வந்தார். அண்ணிதான் பின்னால் எனக்குச் சொன்னார். பிள்ளை எங்கே என்று கேட்டாராம். அண்ணி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அது ஆத்தாகூட ஆஸ்பத்திரி உத்தியோகத்துக்குப் போயிருக்குதுங்க. மாடு பாக்கணும்னா இந்த எருமைய வேணா ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றாராம். அவர் பக்கத்தில் போய்க் கொம்பையும் மடியையும் பல்லையும் பார்த்தாராம். ஏன் கொடுக்கிறீர்கள் என்று மட்டும், அண்ணனைப் போலவே, அவரும் கேட்கவில்லை.