மேஸ்திரி தந்த பட்டம்

தொண்ணூறுகளில் நான் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் தொழிலாளி. கடுமையான தொண்டை வலியைத் தொடர்ந்து ஒரு முறை என் இரு காதுகளும் அடைத்துக்கொண்டன. பேச்செல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்டது. மேஸ்திரியோ, "மெஷின் சத்தம் உம்ம காதைத் தின்னுட்டு வே. இனி கூட்டுத வேலைதான்" என்று எல்லோர் முன்னிலும் தீர்ப்புச் சொல்லி, என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். அன்று முதல் நான் 'செவிட்டு அண்ணாச்சி'. வீட்டில் என் மைத்துனர் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயுடன் காதருகே வந்து நின்றார். இருவர் மீதும் எனக்கு அடங்காத சினம்.

மருத்துவரிடம் போய், எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். அவர் காதையும் தொண்டையையும் பார்த்தார். "சவ்வு கிழியல, அண்ணாச்சி. மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்குப் போற குழாய்தான் வீங்கி அடைச்சிருக்கு. எண்ணெய் அங்கன போகாது. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க, ஆவி பிடிங்க. அடிக்கடி எச்சிலை முழுங்குங்க, கொட்டாவி விடுங்க. மூக்கை வேகமாச் சிந்தாதீங்க. பைய திறக்கும். திறக்கலைன்னா திரும்ப வாங்க" என்றார்.

அவ்வாறே செய்தேன். தொண்டை வலி நீங்கிய பின் ஒரு காலையில், துடைப்பத்தோடு மில் வாசல் தேநீர்க் கடையில் நின்று ஒரு மடக்கு விழுங்கியதும் காதுக்குள் மெல்லிய ஓசையுடன் அடைப்பு விட்டது. முதலில் கேட்டது, முதுகுக்குப் பின்னால் மேஸ்திரியின் குரல்: "செவிடனுக்கு டீ மட்டும் நல்லா இறங்குதுலே."

நான் திரும்பினேன். "கேக்கு வே. இன்னொருக்கச் சொல்லும்" என்றேன். துடைப்பத்தை அவர் காலடியில் போட்டுவிட்டு என் இயந்திரத்துக்கு நடந்தேன்.