குட்டைக் கேபிள்

மலேசியாவில், செனாவாங் தொழிற்சாலையில் அந்த அக்காவின் வேலை போனதற்கு நான் எழுதிய மூன்று வரிதான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டெலிபோன் நிலையங்களுக்கு இடையே அதிவேகமாகத் தகவல் அனுப்பும் போர்டுகளை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். அக்கா மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்து அவற்றில் கனெக்டர்களைச் சோல்டர் செய்வார். நான் கடைசி மேசையில் அவற்றைச் சோதிக்கும் டெக்னீஷியன். இருவரும் கோலா சாவா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள். கம்பெனி பஸ்ஸில் அக்கா எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பார். டிப்ளோமா வாங்கிய தோட்டத்துப் பெண் என்று என்னைப் பற்றி எனக்கு இருந்ததைவிட அவருக்குப் பெருமை அதிகம்.

என் வேலை, ஆசிலோஸ்கோப் திரையில் கண் பார்ப்பது. கம்பியில் ஒன்றும் பூஜ்யமுமாக ஓடும் சிக்னலைத் துண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் காட்டும் அந்தக் கருவி. ஆயிரக்கணக்கான கோடுகள் சேர்ந்து, நடுவில் கண் வடிவில் ஒரு வெற்றிடம் விடும். அது மேலும் கீழும் எவ்வளவு திறந்திருக்கிறதோ, அவ்வளவு இரைச்சலைச் சிக்னல் தாங்கும். பக்கவாட்டில் எவ்வளவு திறந்திருக்கிறதோ, நேரம் அவ்வளவு முன்னே பின்னே நகரலாம். நடுவில் ஓர் அறுகோணம் வரைந்திருக்கும். கோடு அதைத் தொட்டால் போர்டு ஃபெயில்.

ஒரு மாதம் வாடிக்கையாளரிடமிருந்து போர்டுகள் திரும்பி வந்தன. தகவல் தப்பும் தவறுமாகப் போகிறதாம். நான் சோதித்தேன். எதுவும் அறுகோணத்தைத் தொடவில்லை. பக்கவாட்டில் அகலமான, அழகான கண். உயரம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அதுவும் அளவுக்குள்தான். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். தெரியாது என்று சொல்ல என் டிப்ளோமா விடவில்லை. சோல்டரிங் சரியில்லாவிட்டாலும் உயரம் குறையும். 'நேரத்தில் குறையில்லை. உயரம் குறைகிறது. கனெக்டர் சோல்டரிங் காரணமாக இருக்கலாம்' என்று எழுதினேன்.

'இருக்கலாம்' என்ற சொல்லை யார் படித்தார்கள்?

அக்கா என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

“நல்லா தொறந்துதானே இருக்கு? இதுல எங்கம்மா என் தப்பு?”

“ஒசரம் கம்மியா இருக்குக்கா.”

“நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்லா.”

அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகும் போர்டுகள் திரும்பி வந்தன. எட்டு மாதம் கழித்து வேறொரு கிளையிலிருந்து வந்த எஞ்சினியர் என் மேசையில் நின்று கேட்டது ஒரே கேள்வி: “ஸ்கோப்புக்கு கிளாக் எங்கேருந்து எடுக்கிறீங்க?”

போர்டிலிருந்தே என்றேன். ஒவ்வொரு துண்டையும் எந்த நொடியில் தொடங்கி வரைவது என்று ஸ்கோப்புக்கு ஒரு கிளாக், அதாவது சீரான ஒரு துடிப்பு, சொல்ல வேண்டும். போர்டுக்குத் துல்லியமான துடிப்பு தந்து ஓட்டும் வெளி ஜெனரேட்டரிலிருந்து அதை எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. அதற்கான நீளக் கேபிளைப் பக்கத்து மேசைக்காரர்கள் எப்போதும் தூக்கிப் போய்விடுவார்கள். நாங்கள் எல்லோரும் குட்டைக் கேபிளைப் போர்டின் சொந்த கிளாக்கிலேயே மாட்டி வேலையை முடிப்போம்.

போர்டின் கிளாக் நடுங்கினால் சிக்னலும் கூடவே நடுங்கும். ஒரே பஸ்ஸில் குலுங்கிப் போகிற இருவருக்கு மற்றவர் குலுங்குவது தெரியுமா? மறுமுனையில் சிக்னலை வாங்குகிற கருவி அந்த பஸ்ஸில் இல்லை.

எஞ்சினியர் நீளக் கேபிளை வாங்கி ஜெனரேட்டரில் மாட்டினார். அதே போர்டுதான். கோடுகள் குறுக்கே வெட்டும் இடங்கள் தடித்துப் போய், கண் இரண்டு பக்கமும் நெருங்கி அறுகோணத்தைத் தொட்டது. உயரம் முன்பு போலவே அளவுக்குள்தான் இருந்தது; குறை அங்கே இல்லை. போர்டில் கிளாக் தரும் கிரிஸ்டலை மாற்றியதும் கண் அகலமாகத் திறந்துகொண்டது. வந்த கிரிஸ்டல்களில் ஒரு கட்டு மோசம். அக்காவின் சோல்டரிங்கில் ஒரு பழுதும் கிடையாது.

கழிவறையில் போய் அழுதேன். பிறகு சூப்பர்வைசரிடம், அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். “வந்து சோல்டரிங் டெஸ்ட் செய்யட்டும், பார்க்கலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வேலை போனதிலிருந்து செம்பனை எனும் எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேபிளை மாற்றி மாட்டிய என் தப்பையும் மறைக்கவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ நான் சோல்டர் நல்லாத்தான் வெச்சேனா?” என்றார்.

“நல்லாத்தான்க்கா வெச்சீங்க. இப்ப டெஸ்டுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். விரல் நுனியெல்லாம் செம்பனை முள் குத்திக் காய்த்து, வெடித்திருந்தன.

“இந்தக் கையில இனிமே அந்த நுணுக்க வேலை நிக்காதும்மா” என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.