ஒரு தடவைக்கு ஆறு கேக்

துபாயில் ஒரு பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் பெரிய அடுப்பின் முன் நின்றவர் காஜா முஹ்யித்தீன். வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாகக் காயல்பட்டினம் திரும்பி நாற்பது நாளாகியிருந்தது. ஊர் வழக்கப்படி அவர் இருந்தது மனைவி ராஹிலாவின் வீட்டில். லீவில் வந்தபோது விருந்தும் உபசாரமுமாக ஓடிய நாட்கள் இப்போது நகரவே காணோம். கடற்கரை வரை நடப்பார், திரும்புவார், மறுபடி செருப்பைத் தேடுவார். கை சும்மா இருக்க மாட்டேனென்றது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மகள் மின்ஹாவின் மாமியார் வீட்டார் வருவதாக இருந்தது. இருபத்து நாலு கப் கேக் தானே போடுவதாக அவர் சொல்லிவிட்டார். வீட்டில் ஓவன் இல்லை. ராஹிலா சமோசா பொரிக்கும் ஏர் ஃபிரையர்தான் இருந்தது. ஒரு தடவைக்கு ஆறு கப்தான் கொள்ளும்.

பேக்கரிக் கணக்கிலேயே நூற்றெண்பது டிகிரி, இருபது நிமிடம் வைத்தார். எட்டாவது நிமிடமே கருகல் வாடை வந்தது. திறந்தால் மேலே கறுத்து வெடித்திருந்தது. ஈர்க்குச்சியைக் குத்தினால் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. மணி பத்தரை. மிச்ச மாவை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் அங்குமிங்கும் நடந்தார்.

ராஹிலா வாசலிலேயே நின்று சொன்னாள்: "அது உங்க ஓவன் மாதிரி இல்லங்க. சின்ன பெட்டி, கம்பி தலைக்கு மேலயே இருக்கு, ஃபேன் சூட்ட அடிச்சிக்கிட்டே இருக்கும். கேக் உள்ள வேகுமுன்ன மேல கருகிரும்."

பேக்கரியில் பத்துப் பேருக்குக் கணக்குச் சொன்னவர் அவர். ஏர் ஃபிரையரைத் திறந்து உள்ளே மேலிருந்த கம்பியைக் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு குறைக்கணும்?"

"இருவது டிகிரி. நேரத்தையும் குறைங்க. பத்தாவது நிமிசத்துல குத்திப் பாருங்க."

நூற்றறுபதில் வைத்தார். கப்பில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றி, காற்று போகக் கப்புகளுக்கிடையே இடம் விட்டார். பத்தாவது நிமிடம் குச்சியில் கொஞ்சம் ஈரம். பன்னிரண்டில் சுத்தமாக வந்தது. மேலே பொன்னிறம், விரலால் அழுத்தினால் எழும்பியது. ஆனாலும் நிம்மதியில்லை, இன்னும் மூன்று தடவை போட வேண்டும், அதற்குள் குளித்துப் பள்ளிவாசலுக்கும் போக வேண்டும். நாலாவது தடவை உள்ளே இருக்கும்போதே மணி பன்னிரண்டை நெருங்கியது.

"நீங்க போங்க, நான் எடுக்கேன்" என்றாள் ராஹிலா. பொறுப்பை ஒப்படைக்க மனமில்லாமல், இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வந்தவர்கள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. சம்பந்தி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். ராஹிலா கணவரைக் காட்டினாள்.

மறுநாள் காலை மின்ஹா எழுந்து வந்தபோது வாப்பா பிஸ்கட்டுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தார். நூற்றைம்பது டிகிரி, எட்டு நிமிடம். வெளியே எடுத்தபோது பிஸ்கட் தொய்வாக இருக்கவே, இன்னும் இரண்டு நிமிடம் வைக்கக் கை போனது. ஆறினால் தானே இறுகும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படியைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.