பி.ஓ. அப்புறம் வரும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் நுழையும் சாலையில் இருக்கிறது அந்தக் கடை. பேரிங், பெல்ட், நட்டு போல்ட், வெல்டிங் ராடு என்று கம்பெனிகளுக்குக் கடனில் கொடுப்பார்கள். நான் சனிக்கிழமைகளில் மட்டும் போய்க் கணக்கு எழுதுகிறேன். மற்ற நாட்களில் பொன்னேரியில் ஓர் ஆடிட்டரிடம் வேலை. கடை முதலாளியை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். அந்தக் கடைக்கு வந்த கேடே அதுதான்.

மாதக் கடைசியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைப்பேன். வாயால் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் டீ சொல்லி அனுப்பிவிடுவார். எழுத்தில் இருந்தால் ஒருநாளாவது படிப்பார் என்ற நப்பாசை.

போன மாதக் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த மாதம் போட்ட பில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம். வந்தது நாற்பத்திரண்டாயிரம். பழைய பாக்கி ஏழு லட்சத்து நாற்பதாயிரம். அதில் நாலேகால் லட்சம் ஒரே கம்பெனியிடம், அதுவும் பி.ஓ. இல்லாமல் கொடுத்த சரக்குக்கு.

பி.ஓ. என்பது கம்பெனி எழுத்தில் தரும் ஆர்டர். அந்த எண் பில்லில் இல்லையென்றால் அவர்கள் கணக்கில் அந்தப் பில்லே கிடையாது. அங்கே முன்பு ஸ்டோர்ஸில் இருந்தவர் அடிக்கடி போன் செய்வார். மிஷின் நின்றுவிட்டது, உடனே பேரிங் வேண்டும், பி.ஓ. சாயந்திரம் வந்துவிடும் என்பார். அண்ணாவும் வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பார். சாயந்திரம் வரவேயில்லை. அந்த மனிதரும் வேலையை விட்டுப் போய்விட்டார்.

நானே ஒருமுறை பில்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். அக்கவுன்ட்ஸில் இருந்த பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "பி.ஓ. நம்பர் இல்லக்கா. கேட்ல என்ட்ரியும் இல்ல. நான் எங்க ஏத்துறது?" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பில்களை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன்.

அதனால் கடிதத்தில் பூசி மெழுகாமல் எழுதினேன். இந்த நாலேகால் லட்சம் வராது. இதற்கான ஜி.எஸ்.டி.யை நாம் கைக்காசு போட்டு ஏற்கெனவே கட்டிவிட்டோம். சென்னை மொத்த வியாபாரிக்கு நாம் தர வேண்டிய பணத்துக்கு, அவர் பில் போட்ட நாளிலிருந்து அடுத்த மாதம் நூற்றெண்பது நாள் முடிகிறது. அதற்குள் தராவிட்டால், அந்தச் சரக்குக்காக நம் வரியில் கழித்துக்கொண்ட தொகையையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அவரும் இனி சரக்கு அனுப்ப மாட்டார். நீங்கள் முடிவு சொல்ல வேண்டியவை: வராத பணத்தை வாராக்கடனாக எழுதிவிடலாமா? சென்னைக்கு எதிலிருந்து கொடுப்பது? பி.ஓ. இல்லாமல் யாருக்கும் சரக்கு இல்லை என்று இன்றோடு நிறுத்தலாமா?

அன்று அதிசயமாக முழுதும் படித்தார். ஆரணியில் இருக்கும் வீட்டை வைத்துத்தான் பேங்கில் கடன் வாங்கியிருக்கிறார். இந்தக் கடை போனால் அந்த வீடும் போகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இன்னாமா, வராதுன்னே எழுதிட்ட?"

"வராதுண்ணா."

"ஊட்ல அவ படிச்சா செத்துருவா. வரணும்னு மாத்தி எழுதேன்."

"மாத்தி எழுதினா மட்டும் வந்துருமாண்ணா?"

அண்ணா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, நிறுத்திக்கலாம்மா. இனிமே பி.ஓ. இல்லாம ஒரு ஆணி கூட வெளிய போவாது" என்றார். அத்தனை மாதத்தில் அவர் என் கேள்விக்குச் சொன்ன முதல் பதில் அது. அன்று டீயை நானே சொன்னேன்.

டீ குடித்து முடிக்கவில்லை, போன் வந்தது. அதே கம்பெனி. ஸ்டோர்ஸுக்கு வந்திருக்கும் புது ஆள்.

"சொல்லு சார்... ஆமா, இருக்குது... மிஷின் நின்னுக்கினு இருக்குதா?" அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய பில்லு கொஞ்சம் நிக்குது சார்... நீயே பாத்து ஏத்தி வுட்றியா? இந்த மாசமேவா? சரி சார், வர்றேன்."

அலமாரியில் அந்த அளவில் இருந்த கடைசி பேரிங்கை எடுத்தார்.

"அண்ணா, பி.ஓ.?"

"அப்புறம் வரும்மா. இவனையும் பகைச்சிக்கினா பழசு மொத்தமும் போயிடும்மா. நீ பில்லு போடு."

பழசு போய்விட்டது என்றுதான் எழுதியிருந்தேன். அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார். நான் கம்ப்யூட்டரில் பில்லைத் திறந்து, கம்பெனி பெயர், பேரிங், விலை, வரி எல்லாம் அடித்தேன். பி.ஓ. எண் கேட்ட இடத்தைக் காலியாக விட்டு பிரின்ட் கொடுத்தேன்.