பவுனுக்கு இரண்டாவது ஊசி

சேவூருக்கு மேற்கே மயிலாள் குடியிருந்த வளவில் சூரியனுக்கு முன்னால் கம்பெனி வேன்தான் வரும். மார்கழிப் பனிக்குள் அதன் இரண்டு விளக்குகளும் எங்கோ நீருக்கடியில் எரிவதுபோல மங்கலாகத் தெரியும். வளவுப் பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு அதில் ஏறிக் கண்ணை மூடுவார்கள். திறக்கும்போது திருப்பூர் வந்திருக்கும். மயிலாளும் அப்படித்தான் போய்வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பொழுதெல்லாம் பார்த்துவிட்டு வந்தால், வீட்டில் எதைப் பார்த்தாலும் கண் ஓரத்தில் பஞ்சு பறக்கும்.

அவளுக்கு ஒரு மாடு இருந்தது. பவுனு என்று பெயர். செவலை நிறம், கலப்பின மாடு, மகா கோபக்காரி. மயிலாளைத் தவிர யார் கிட்டே போனாலும் காலைத் தூக்கும். கன்று ஈன்று வெகுகாலம் ஆகியும் அது மறுபடி சினைக்கு நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதுகூடச் சரியில்லை. மாடு பருவத்துக்கு வந்து கத்தும் பொழுதில் பார்க்க ஆள் இல்லை. மயிலாள் கம்பெனியில். அவள் புருஷன் வெள்ளியங்கிரி சாயப்பட்டறையில் ராத்திரி வேலை முடித்துவிட்டு, பகலெல்லாம் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான். பருவம் என்பது ஒரு பொழுது. காலையில் வந்து மறுநாளுக்குள் போய்விடும். வளவில் ஆறு வீட்டு மாடுகளுக்கும் இதே கதைதான்.

பால் சொசைட்டிக்கு வந்துபோகும் கால்நடை மருத்துவர் சித்ரகலா இதற்கு ஒரு வழி சொன்னார்.

"நீங்க மாட்டைப் பாத்துட்டு உக்காந்திருக்க முடியாது. அப்ப மாட்டை நம்ம நேரத்துக்கு வர வெக்கணும். ஆறு மாட்டுக்கும் ஒண்ணா ஊசி போட்டு, ஒண்ணாப் பருவத்துக்குக் கொண்டு வந்து, ஒண்ணாச் சினை ஊசி போட்டரலாம். உங்க லீவு நாளாப் பாத்து."

"ஏனுங் டாக்டரம்மா, மாட்டுக்கும் ஷிப்ட் போடறீங்களா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் ஊசி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வளவை ஒட்டியிருந்த சொசைட்டிக்குப் பின்னால், இரும்புச் சட்டத்துக்குள் ஒவ்வொரு மாடாக நிறுத்தி, மருத்துவர் தோள்வரைக்கும் கையுறை மாட்டி, பின்பக்கமாகக் கையை விட்டுச் சோதித்தார். எந்த மாடாவது ஏற்கெனவே சினையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சினைப்பையில் ஒரு சின்னக் கட்டி உண்டாகுமாம். அது இருக்கும்வரை மாடு பருவத்துக்கு வராதாம். இந்த ஊசி அதைக் கரைத்துவிடும். முதல் ஊசியின்போது எல்லா மாட்டுக்கும் அந்தக் கட்டி இருக்காது. அதனால் பதினோரு நாள் விட்டு இரண்டாவது ஊசி. அதற்குள் எல்லாவற்றுக்கும் கட்டி வளர்ந்திருக்கும். ஆறும் ஒரே வரிசைக்கு வந்துவிடும்.

"சினை மாட்டுக்குத் தெரியாமப் போட்டுட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கன்னு விழுந்துரும்" என்றார் மருத்துவர், ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே. "மாட்டுக்கு மட்டுமில்லீங்க. இந்த மருந்து தோல் மேல பட்டாலே உள்ள போயிரும். மாசமா இருக்கற பொம்பளைங்க, வீசிங் இருக்கறவங்க யாரும் கிட்ட வரவேண்டாம்."

மயிலாளின் கை பவுனுவின் மூக்கணாங்கயிற்றில் இருந்தது.

அவளுக்கு நாள் தள்ளிப்போய் ஒரு மாதம் கடந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளியங்கிரியிடம்கூட. இதற்கு முன் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும், சொன்ன வாரத்துக்குள் கலைந்தது. சொன்னதனால் கலைவதில்லை. ஆனால் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். கேட்டவர்கள் கண் பட்டுவிட்டது என்று அவள் மாமியார் உயிரோடிருந்தபோது சொன்னதை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை. இந்தத் தடவை வயிறே சொல்லட்டும், வாய் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தாள். வேனில் கண்ணை மூடும்போது உள்ளே யாரோ மெல்ல நூல் நூற்பதுபோல இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே போவாள்.

"அக்கா, கை வலிக்குது. நீங்க கொஞ்சம் புடிங்க" என்று கயிற்றைச் சீனியம்மாளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

பவுனு சும்மா இருக்குமா? ஊசி எப்படியோ ஏறிவிட்டது. சீனியம்மாளின் கால் கட்டைவிரல் நசுங்கிவிட்டது.

இரண்டாவது ஊசி வியாழக்கிழமை. அதற்குப் பிறகு மூன்றாம் நாள், ஞாயிறு விடியலில், சினை ஊசி. வியாழனன்று, வேன் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று மருத்துவர் இருட்டோடு வந்திருந்தார். பனி தரையோடு கிடந்தது. மாடுகளுக்குக் கால் இல்லாததுபோலவும், ஆறும் பாலில் மிதப்பதுபோலவும் தெரிந்தது. தூரத்தில் எங்கோ நிட்டிங் மெஷின்கள் ஓடும் சத்தம், ஊரே தூக்கத்தில் முனகுவதுபோல.

ஐந்து மாடு முடிந்தது.

"பவுனு யாரு புடிக்கறீங்க?"

"நானில்லீங் சாமி" என்றாள் சீனியம்மாள், துணி சுற்றிய காலைத் தூக்கிக் காட்டி. "இன்னொரு வெரலு எனக்கு வேணும்."

வெள்ளியங்கிரி பட்டறையிலிருந்து நேராக அங்கே வந்திருந்தான். விரலெல்லாம் நீலம். அவன் கயிற்றைத் தொட்டதுமே பவுனு மூக்கை விரித்து முகர்ந்தது. சாயத்தின் நெடி அதற்கு ஆகவே ஆகாது. இரும்புச் சட்டம் அதிரத் திமிறியது.

"மயிலா, நீ புடி" என்றான். "நீ புடிச்சாத்தான் நிக்கும்."

"நேரமாச்சுங்க. இன்னைக்குப் போடலைன்னா இந்த மாடு மத்ததோட சேராது. ஞாயித்துக்கிழமை இது மட்டும் விட்டுப்போயிரும்" என்றார் மருத்துவர். ஊசியில் மருந்து ஏறியிருந்தது. கழுத்தில்தான் போட வேண்டும். கயிற்றைப் பிடிப்பவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

மயிலாள் போய்க் கயிற்றை வாங்கினாள். பவுனு அடங்கியது. மூச்சுக்காற்று சூடாக அவள் மணிக்கட்டில் பட்டது. ஒரு நொடிதானே, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதுமே என்று நினைத்தாள். வாயைத் திறந்தால் போய்விடும். திறக்காவிட்டாலும் போய்விடலாம். இரண்டு பயத்துக்கு நடுவில் நின்றாள். ஒன்று அவளாக நம்பிக்கொண்டது. இன்னொன்று கண்ணெதிரே ஊசி முனையில் சொட்டாக நின்றது.

அந்தச் சொட்டைத்தான் அவள் பார்த்தாள்.

"டாக்டரம்மா, நான் புடிக்கக் கூடாதுங்க" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "நான் மாசமா இருக்கறனுங்க."

பக்கத்தில் ஒரு மாடு சாணி போட்டது.

மருத்துவர் ஊசியை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார். "போன தடவையே சொன்னனில்லீங்க? தள்ளிப் போங்க மொதல்ல. அந்தத் தண்ணித்தொட்டிக்கு அந்தப் பக்கம். எதையும் தொட்டீங்களா?"

"இல்லீங்க."

"சரி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கங்க. எதுக்கும் இருக்கட்டும்."

வெள்ளியங்கிரி நீலக் கையோடு அசையாமல் நின்றான். "எனக்குத் தெரியாதுங்க" என்றான், யாரும் கேட்காமலே.

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பகல்ல தூங்கற ஆளாச்சே" என்றாள் சீனியம்மாள். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பி, "அடி கண்ணு, எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? அன்னைக்குக் கை வலிக்குதுன்னு ஏய்ச்சுப்புட்டியே! என் வெரலு போச்சே!" என்றாள். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மாட்டை யார் பிடிப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது. மயிலாள்தான் தொட்டிக்கு அப்பாலிருந்து புருஷனிடம் சொன்னாள்: "மாட்டுக் கொட்டாய்ல நான் பால் கறக்கறப்பப் போடற சட்டை தொங்குது. அதை எடுத்துப் போட்டுக்கங்க."

அது வெள்ளியங்கிரியின் பழைய சட்டைதான். பால் கறக்கும்போது சேலைக்கு மேலே போட்டுப் போட்டு, அவள் வாசமும் பவுனுவின் வாசமும் ஏறிப்போயிருந்தது. அவன் அதை மாட்டி, நீல விரல்களைச் சட்டைக் கைக்குள் மடக்கிக் கயிற்றைப் பிடித்தான். பவுனு முகர்ந்தது. குழம்பியது. பனிக்கு அந்தப் பக்கமிருந்து மயிலாள் பேசத் தொடங்கினாள். கறக்கும்போது பேசுவதைத்தான் பேசினாள். இன்றைக்கு என்ன குழம்பு, சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், தீவனம் என்ன விலை. பவுனுவின் காதுகள் இரண்டும் குரல் வந்த திசைக்குத் திரும்பின. கண் பாதி மூடியது. சட்டை இங்கே, குரல் அங்கே. இரண்டுக்கும் நடுவில் ஊசி ஏறி இறங்கியது.

"அந்தச் சட்டையை நீங்க துவைக்காதீங்க மயிலா" என்றார் மருத்துவர், கையுறையைக் கழற்றியபடி. "அவரே துவைக்கட்டும்."

"அப்படிப் போடுங்க" என்றாள் சீனியம்மாள்.

அன்றைக்கு வேன் அவளில்லாமல் போனது. வெள்ளியங்கிரி அவளை அவிநாசிக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினான். இரண்டு தடவை கலைந்திருக்கிறது, நின்றுகொண்டே செய்யும் வேலை வேண்டாம், கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். முன்பே காட்டியிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

ஞாயிறு விடியலில் ஆறு மாடுகளும் ஒன்றாகக் கத்தின. ஒன்றன்மேல் ஒன்று தாவின, பருவத்துக்கு வந்த அடையாளமாக வால் ஓரத்தில் கண்ணாடி நூல்போல வழும்பு தொங்கியது. குளிர்ப்புகை கக்கும் டப்பாவிலிருந்து எடுத்த விந்துக் குழலை மருத்துவர் வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி, ஒவ்வொரு மாட்டுக்கும் சினை ஊசி போட்டார். திங்கள் விடியலில் மறுபடி ஒரு தடவை. இந்த ஊசியால் கேடில்லை என்று அவர் சொன்னதனால் பவுனுவின் கயிற்றை மயிலாளே பிடித்தாள்.

நான்கு மாடுகள் சினைக்கு நின்றன. பவுனு நிற்கவில்லை.

மூன்று வாரம் கழிந்த ஒரு தை மாத விடியல். வேன் போய்விட்டிருந்தது. மயிலாள் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். வெறுமனே உட்கார அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். பனி விலகும் நேரம். கொட்டாயில் பவுனு தண்ணீரைத் தொடாமல் நின்று, கழுத்தை நீட்டி ஒரு தடவை கத்தியது. நீளமாக, எங்கோ இருக்கும் ஒன்றைக் கூப்பிடுவதுபோல. மயிலாள் எழுந்து போய்ப் பார்த்தாள். வால் ஓரத்தில் வழும்பு, முதல் வெயிலில் மின்னியது.

இத்தனை வருடத்தில் பவுனுவின் பருவத்தை அவளாகவே கண்டுபிடிப்பது அதுதான் முதல் தடவை. எந்த ஊசியும் கூப்பிடாமல் வந்திருந்தது.

செல்போனை எடுத்து மருத்துவரைக் கூப்பிட்டாள்.

"காலைல கத்துச்சுன்னா சாயங்காலம் போட்டரலாம்" என்றார் அவர். "நீங்க எப்படி இருக்கறீங்க?"

"நல்லா இருக்கறனுங்க" என்றாள் மயிலாள், வேலிக்கு அப்பால் சீனியம்மாளுக்கும் கேட்கும்படி. "நாலாம் மாசம் பொறந்திருச்சுங்க."