மாசம் தவறாத ராக்காயி

ராக்காயிக்கு வாயை மூடத் தெரியாது. கொட்டகலைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கொழுந்தெடுக்கும் மலையில் அவள் எந்த நிரையில் நிற்கிறாள் என்று கங்காணி செல்லசாமி தேடிப் பார்ப்பதில்லை, சிரிப்புச் சத்தம் வரும் பக்கம் போவார். கங்காணிக்கும் மேலான கண்டாக்கு ஐயா வந்து நின்றாலும் அவள் வாய்க்கு வந்த கிண்டலை விழுங்க மாட்டாள். விழுங்கினால் செரிக்காது என்பாள்.

"ஒரு நாளைக்கு உன் வாயே உனக்கு வினையாகப் போகுது" என்று அவள் புருசன் பழனியாண்டி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்தான். பழனியாண்டி அதிகம் பேசாதவன். அந்த வீட்டில் பேசுவதற்கு அவனுக்கு இடமும் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் ராக்காயிக்கு ஐம்பது வயது. மழைக்காலம் முடிந்து கொழுந்து கொழுத்துக் கிடந்த சமயம், ஒரு காலை அவள் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றைக் கட்டப் போனாள். கயிறு எட்டவில்லை. செடி கிழிக்காமல், பனி நனைக்காமல் இருக்க இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கட்டும் சாக்குத்தான் படங்கு. பல வருசமாக அதே கயிறு, அதே முடிச்சு. இப்போது முடிச்சுப் போட நுனி மிஞ்சவில்லை.

"ஏய் ராக்கு, வயித்துல என்னாடி, பேரனுக்குப் பங்காளியா?" என்றாள் பக்கத்து நிரைக் காளியாயி.

"ஆமாடி. பேரு வைக்க ஒன்னையத்தான் கூப்பிடணும்."

மலை முழுக்கச் சிரித்தது. ராக்காயி கயிற்றோடு ஒரு துண்டை ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். ஒட்டுப்போட்ட அந்தக் கயிறுதான் முதல் சேதி. ஆனால் கயிறு சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சேதிகள் பிறகும் வந்தன, எல்லாமே நல்ல பிள்ளை மாதிரி வேறு வேசம் போட்டுக்கொண்டு. இரண்டு ரொட்டி தின்கிறவளுக்கு அரை ரொட்டியிலேயே வயிறு நிறைந்தது. வயதாகிறது என்றாள். அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டியிருந்தது. பனிக்காலம் அப்படித்தான் என்றாள். வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் முத்துலிங்கம் ஐயா, "வாயு, கேஸ்தான்" என்று வெள்ளை மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. வயிறு உப்பலென்று வருகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கேஸ்தான். வலி என்று ஒன்று வந்திருந்தால் அவளே பயந்திருப்பாள். வலி வரவில்லை. வலியில்லாத நோவுக்காக ஒரு நாள் பேரை, அந்த நாள் கூலியை, யார் விடுவார்கள்?

ஒன்று மட்டும் அவள் தவறவிட்டதில்லை. பிரஷர் மாத்திரைக்காக மாசத்துக்கு ஒரு தரம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவாள். மழையோ, பஸ் ஸ்ட்ரைக்கோ, போவாள். அங்கே கியூவில் நிற்கும் பெண்களெல்லாம் அவளுக்குச் சிநேகிதம். உண்மையைச் சொன்னால் மாத்திரையைவிட அந்தக் கியூவுக்காகத்தான் போனாள். "மாசம் தவறாத மகராசி வந்துட்டா" என்று அங்கே ஒரு பேரே உண்டு.

அந்தக் கிளினிக்கில் ஒரு நர்ஸ்தான், ராக்காயி கட்டிலில் ஏறப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டவள் முகம் மாறியது. அடுத்த அறைக்கு, பெண்கள் நோய்ப் பிரிவுக்கு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தவர் டொக்டர் பாலச்சந்திரன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கெட்டிக்காரர், ஆனால் கூச்சம். அம்மா வயதுப் பெண்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்கும்போது காது சிவந்துவிடும். அறை நிறைய ஆள். திரைக்கு வெளியே, அன்றைக்குத் துணைக்கு வந்திருந்த பழனியாண்டி வேறு தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றான். டொக்டர் குரலைத் தாழ்த்தி, எழுதுகிற தாளைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மா, மாதாமாதம் ஒழுங்கா வாறதோ?"

"மாசம் தவறுனதே இல்லைங்க ஐயா" என்றாள் ராக்காயி பெருமையோடு. "யாரைய வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

யாரைக் கேட்பது என்று டொக்டருக்குப் புரிந்திருக்காது. காது இன்னும் கொஞ்சம் சிவந்தது. எழுதிக்கொண்டார். ஸ்கேனுக்குத் துண்டு கொடுத்தார், கொழும்புக்கு அனுப்ப இரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவுகள் வந்த நாளில் பழனியாண்டி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ராக்காயி சாப்பிட்டாள், அதாவது அரை ரொட்டி. பஸ்ஸில் வழியெல்லாம் கதை பேசினாள். பயமில்லை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ராக்காயியைத் தெரியாது. பயம் வந்தால்தான் அவளுக்குப் பேச்சு கூடும்.

டொக்டர் இருவரையும் உட்கார வைத்தார். பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னார்.

"சூலகம் எண்டு கருப்பைக்கு இரண்டு பக்கமும் இருக்கு. அதில ஒண்டில கட்டி. அடிவயித்துக்குள்ள நல்ல இடம் இருக்கிறதால சத்தமில்லாமல் பெருசா வளர்ந்திட்டுது. அதாலதான் இப்பிடியான கட்டியளைப் பிந்தித்தான் கண்டுபிடிக்கிறது."

"கேன்சருங்களா?" என்றான் பழனியாண்டி. அவன் அன்று பேசிய முதல் வார்த்தை அது.

"அதை வெட்டி எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா எவ்வளவு சந்தேகப்படவேணும் எண்டதுக்கு ஒரு கணக்கு இருக்கு." தாளை அவர்கள் பக்கம் திருப்பினார். "ஸ்கேனில கட்டிக்குள்ள பல அறை தெரியுது, கெட்டியான பகுதியும் தெரியுது. அப்பிடி இரண்டு அடையாளம் இருந்தா மூன்று புள்ளி. இரத்தத்தில சிஏ நூற்றிருபத்தைந்து எண்டு ஒரு பொருள், அது உங்களுக்கு அறுபத்திரண்டு. முப்பத்தைஞ்சுக்குள்ள இருக்கவேணும். ஆனா அது கேன்சருக்கு மட்டும் கூடுறதில்லை. வேற வருத்தங்களுக்கும் கூடும், மாதவிடாய் நேரத்திலயும் கூடும். அதாலதான் அதை மட்டும் வைச்சு முடிவெடுக்கிறதில்லை. மாதவிடாய் இருக்கிறவைக்கு ஒண்டு, நிண்டவைக்கு மூன்று. உங்களுக்கு ஒண்டு. எல்லாத்தையும் பெருக்கினா நூற்றியெண்பத்தாறு. இருநூறுக்கு மேல போனா கண்டிக்கு, கேன்சர் ஒப்பரேசன் செய்யிற ஆக்களிட்ட அனுப்புவம். நீங்கள் கீழ. அதால இஞ்சயே எடுக்கலாம். இரண்டு மூன்று மாதத்தில திகதி தருவம்."

பழனியாண்டி மூச்சு விட்டான். அறைக்கே கேட்டது. இருநூறுக்குக் கீழே என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. டொக்டரைக் கும்பிட்டான், சுவரில் இருந்த காலண்டர் சாமியையும் கும்பிட்டான், ராக்காயியின் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"வா புள்ள, பஸ் போயிரும்."

ராக்காயி எழுந்தாள். அவளுக்கும் நெஞ்சு லேசாகித்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. இந்தப் பிள்ளை என்னமோ மாதவிடாய் என்கிறாரே, இருக்கிறவர்களுக்கு ஒன்று என்கிறாரே, எனக்கு ஒன்று போட்டிருக்கிறாரே. வாசல் வரை நடந்தாள். அங்கே வைத்துத்தான் அவளுக்கு விசயம் விளங்கியது. விளங்கியதும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

நியாயமாகப் பார்த்தால் பேசாமல் போயிருக்க வேண்டும். நல்ல சேதி சொன்ன டொக்டர், வெளியே அவ்வளவு கூட்டம், பக்கத்தில் புருசன். அந்தச் சமாச்சாரத்தைப் புருசன் எதிரில் எந்தப் பொம்பளை ஆம்பளை டொக்டரிடம் பேசுவாள்? வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். ஆனால் இவ்வளவு நல்ல கிண்டலை விழுங்கிவிட்டுப் பஸ் ஏறுகிற ஆள் ராக்காயி இல்லை. திரும்பினாள்.

"ஐயா, நான் மாசம் தவறாம வாரேன்னு சொன்னது பிரஷர் மாத்திரைக்குங்க. மத்தது நின்னு மூணு வருசமாச்சு. நீங்க என்னையக் கொமரி ஆக்கிப்புட்டீங்க."

பழனியாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். திரைக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. அவர் காது சிவக்கவில்லை, முகம் வெளுத்தது.

"இருங்கோ அம்மா" என்றார். "இருங்கோ. தயவுசெய்து இருங்கோ."

தாளை எடுத்தார். ஒன்றை வெட்டி மூன்று போட்டார். மூன்றை மூன்றால் பெருக்கி, அறுபத்திரண்டால் பெருக்கினார். ஐந்நூற்றைம்பத்தெட்டு. எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய டொக்டரின் அறைக்கு ஏறக்குறைய ஓடினார். ராக்காயி மறுபடி உட்கார்ந்தாள். அவள் வாயடைத்து உட்கார்ந்திருந்ததைப் பழனியாண்டி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். அவனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

அந்தக் கிழமைக்குள்ளேயே கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றை நன்றாகத் திறந்து, கட்டியை உடைய விடாமல் முழுசாக எடுத்தார்கள். கருப்பை, மற்றச் சூலகம், குடலுக்கு மேலே போர்வை மாதிரித் தொங்கும் கொழுப்பு, எல்லாவற்றையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சர்தான். ஆனால் சூலகத்தின் தோல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றிருந்தது, வயிற்றுக்குள் வேறெங்கும் போயிருக்கவில்லை. சாதாரணக் கட்டி என்று நினைத்துச் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சிச் சுருக்கி எடுத்திருந்தால் உள்ளே சிந்திப் பரவியிருக்கும் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். ராக்காயி அதைப் படுத்தபடியே முழுசாகக் கேட்டாள். பிறகு அழுதாள். அடக்கிப் பார்க்காமல், சத்தமாகவே அழுதாள்.

ஊசி மருந்து ஆறு தடவை ஏறியது. தலைமயிர் கொட்டியது. "திருப்பதிக்குப் போகாமலே மொட்டை, செலவு மிச்சம்" என்று வார்டையே சிரிக்க வைத்தாள். சிரிக்க முடியாத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் பழனியாண்டி பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தோட்டத்துக் கதை சொன்னான். அவனுக்கு இவ்வளவு கதை தெரியுமென்று அவளுக்கே தெரியாது. காளியாயியின் ஆடு காணாமற்போனதை மூன்று நாள் சொன்னான்.

அதற்குப் பிறகு மூன்று மாசத்துக்கு ஒரு தரம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். மருந்து முடிந்த கையோடு சிஏ நூற்றிருபத்தைந்து முப்பத்தைந்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மறுபடி ஏறுகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. ஒவ்வொரு தரமும் முடிவு வரும்வரை வழக்கத்தைவிட அதிகமாகப் பேசுவாள்.

மயிர் திரும்ப முளைத்து, குட்டையாய்ச் சுருண்டிருந்த ஒரு நாள். பாலச்சந்திரன் அறையில் ஒரு சின்ன வயதுப் பெண்ணை விசாரித்துக்கொண்டிருந்தார். ராக்காயி வாசலில் நின்று கேட்டாள். இப்போது அவர் தாளைப் பார்க்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. "மாதவிடாய் கடைசியா எப்ப வந்தது, என்ன திகதி?" என்று முகத்தைப் பார்த்துத் தெளிவாகக் கேட்டார். காது மட்டும் பழையபடி சிவந்துதான் இருந்தது.

அந்தப் பெண் போனதும் ராக்காயி உள்ளே போய் உட்கார்ந்தாள். டொக்டர் புது முடிவைப் பார்த்தார். பதினொன்று. அவளை நிமிர்ந்து பார்த்தபோது, அந்தக் கூச்சக்காரர் முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு.

"என்ன அம்மா, ஒழுங்கா வாறதோ?"

ராக்காயிக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் இந்தத் தரம் அதை விழுங்கினாள்.

"வாரேன் ஐயா" என்றாள். "வர வச்சிருக்கீங்களே."

வெளியே பழனியாண்டி பஸ்ஸுக்கு அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தான்.